பைப்படியில் கடிக்கிறான், வீட்டில் அடிக்கிறான்

கேள்வி:

என் மகனுக்கு 2 வயதும் 4 மாதமும். கல்லடியில் ஒரு விளையாட்டுக் குழுவுக்குக் காலை 8.30 முதல் 11.30 வரை போகிறான். 14 பிள்ளைகள், ஒரு டீச்சர், உதவிக்கு ஒரு அக்கா. சேர்ந்து ஒரு மாதத்துக்குள் நாலு தரம் கடித்துவிட்டான். இரண்டு தரம், 10 மணிச் சாப்பாட்டுக்கு முன் பைப்படியில் கை கழுவ நிற்கும்போது. ஒரு தரம் மூன்று சில்லுச் சைக்கிளுக்காக. ஒரு தரம், சண்டையே இல்லாமல், தன்னைக் கட்டிப்பிடித்த பிள்ளையை. வீட்டில் 3 மாதத் தங்கச்சியின் தலையில் அடிக்கிறான். "ஒருக்கா நீ திருப்பிக் கடி, இல்லாட்டி வாயில கொச்சிக்காய்த் தூளத் தடவு" என்கிறார் அம்மா. இன்னொரு தரம் நடந்தால் நிறுத்திவிடுவேன் என்கிறார் டீச்சர். காலை 6 மணிக்கு எழும்பி 6.30க்குச் சாப்பிட்டுவிடுவான். 25, 30 சொற்கள் சொல்வான், சேர்த்துப் பேசத் தொடங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் பிந்தித்தான் பேசுவார்கள். இவன் ஏன் இப்படி? நான் என்ன செய்ய?

— ஒரு தாய், மட்டக்களப்பு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெரும்பாலான தாய்மார் "எல்லாரையும் கடிக்கிறான்" என்று மட்டும்தான் எழுதுவார்கள். நீங்கள் எங்கே, எப்போது, யாரை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. அதனால் அந்த நாலு கடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நாலும் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல.

முதலில் பைப்படி. 6.30க்குச் சாப்பிட்ட பிள்ளை 10 மணிக்குப் பைப்படியில் நிற்கிறான். இடையில் மூன்றரை மணி நேரம். இரண்டு வயதுப் பிள்ளையின் வயிறு சிறியது, அவ்வளவு நேரம் தாங்காது. அதோடு பைப்படி ஒடுக்கமான இடம். 14 பிள்ளைகள் ஒரே நேரத்தில் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பின்னால் இருந்து ஒருவர் தள்ளுகிறார், முன்னால் தண்ணீர் ஓடுகிறது, தன் முறை எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியாது. பசி, நெருக்கம், காத்திருப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது. டீச்சரின் கண்ணோ அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பெட்டிகளில் இருக்கும். நாலில் இரண்டு கடி அங்கே விழுந்தது தற்செயல் இல்லை. முன்பள்ளிகளில் நான் கேட்கும் கடிக் கதைகளில் பைப்படியும், செருப்புப் போடும் வாசலும், வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் கடைசி 10 நிமிடமும் திரும்பத் திரும்ப வரும். மழைக்காலத்தில், நவம்பரில் இருந்து ஜனவரி வரை, எல்லாப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்துக்குள் அடைபட்டிருக்கும் நாட்களில் இது இன்னும் கூடும்.

சைக்கிள் கடி எல்லாருக்கும் விளங்கும். அவனுக்கு அது வேண்டும், இன்னொரு பிள்ளை விடவில்லை. பங்கிட்டு விளையாடு என்று சொல்லிப் பயன் இல்லை. இந்த வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தனித்தனியாக விளையாடுவார்கள். பொருளைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை. கொடுத்தால் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். "எனக்கும் வேணும், ஓடிட்டுத் தா" என்று சொல்ல அவனிடம் சொல் இல்லை. பல் இருக்கிறது.

நாலாவது கடிதான் பெரியவர்களுக்கு அதிகம் பயம் தருகிறது. சண்டை இல்லை, கோபம் இல்லை, ஆசையாகக் கட்டிப்பிடித்த பிள்ளையைக் கடித்துவிட்டான். அவன் நிலையில் இருந்து பாருங்கள். கை இரண்டும் அமுங்கிவிட்டன, முகத்துக்கு முன்னால் இன்னொரு தோள், நகர முடியவில்லை. விடுவித்துக்கொள்ள அவனிடம் மிஞ்சியது வாய் மட்டும்தான். இது தாக்குதல் இல்லை, தப்பிக்கும் முயற்சி. சில பிள்ளைகளுக்குத் திடீரென்று யாராவது தொடுவதே பிடிக்காது. அவர்களிடம் இந்த மாதிரிக் கடி கூடுதலாக இருக்கும்.

ஆக உங்கள் மகன் கெட்ட பிள்ளை இல்லை. கடிப்பது 18 மாதத்தில் இருந்து 30 மாதம் வரையான வயதில்தான் அதிகம். அவன் அந்த வயதுக்குள்தான் நிற்கிறான். ஆசை, கோபம், பயம் எல்லாம் முழு அளவில் வந்துவிட்ட வயது இது. அதைச் சொல்லும் நாக்கும், "பொறு" என்று தன்னைத் தானே தடுக்கும் மூளைப் பகுதியும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் இருந்து கேட்டால், கடிக்கக் கூடாது என்று அவனே தலையாட்டுவான். பைப்படியில் அது கைகொடுக்காது. தெரிவது வேறு, அந்த நொடியில் நிறுத்த முடிவது வேறு. அது மெல்ல மெல்ல வருவது. அதுவரை ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று அந்த நிறுத்தும் வேலையைச் செய்ய வேண்டும்.

பல் முளைப்பதாலா என்றும் சிலர் கேட்பார்கள். இந்த வயதில் கடைசிப் பாற்பற்கள், பின்பக்கக் கடைவாய்ப் பற்கள், வருவது உண்மைதான். கண்டதையெல்லாம் கடிக்கிறான், எச்சில் வடிகிறது என்றால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கடிக்கக் கொடுங்கள். ஆனால் பல் மட்டும் காரணமாக இருந்தால் இப்படிக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் கடிக்க மாட்டான்.

சரி, என்ன செய்வது?

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கடிக்கு முன்னால் வரும் இரண்டு நிமிடத்தை மாற்றுவது ஒன்று. கடித்த பிறகு வரும் ஒரு நிமிடத்தில் எல்லாப் பெரியவர்களும் ஒரே மாதிரி நடப்பது மற்றது. முதலாவதுதான் கடியின் எண்ணிக்கையைக் குறைக்கும். பெரும்பாலானவர்கள் இரண்டாவதில் மட்டும் மல்லுக்கட்டி, ஒன்றும் சரிவரவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள்.

டீச்சரிடம் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன மாற்றங்கள். 9 மணிக்கு, அல்லது கடைசியாக 9.15க்கு, அரை வாழைப்பழமோ ஒரு துண்டு ரொட்டியோ அவன் வாயில் போக வேண்டும். நீங்களே தனிப் பெட்டியில் கொடுத்துவிடலாம். மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று டீச்சர் தயங்கினால், எல்லாருக்குமே சாப்பாட்டை 9.30க்கு முன்னுக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளுக்கும் அது நல்லது. பைப்படிக்கு 14 பேரும் ஒன்றாகப் போகாமல் மூன்று பேர், மூன்று பேராகப் போகலாம். மிச்சப் பேர் பாயில் இருந்து பாட்டுப் பாடட்டும். உங்கள் மகன் முதல் மூவரில் ஒருவனாக இருக்க வேண்டும், உதவி அக்கா அவன் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், நிற்க வேண்டும். ஒரு வேலையும் கொடுக்கலாம். சவர்க்காரப் பெட்டியை அவன் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கை நிறைந்திருக்கும் பிள்ளைக்குக் காத்திருப்பது கொஞ்சம் இலகு.

சைக்கிள் ஒன்றுதான் இருக்கிறது என்றால், என் கருத்தில், ஒரு மாதத்துக்கு அதை உள்ளே எடுத்து வைப்பதே நல்லது. ஒரே ஒரு ஆசைப் பொருளை 14 பேருக்கு நடுவில் விட்டுவிட்டுப் பொறுமையை எதிர்பார்ப்பது பெரியவர்களின் பிழை. முடியாது என்றால் முறையைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக ஆக்குங்கள். அந்த மரம் வரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று, பிறகு மற்றவர். "அஞ்சு நிமிசம் பொறு" என்றால் இந்த வயதில் அதற்குப் பொருளே இல்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் குந்தியிருந்து, "அவன் வாறான், பாரு, வாறான், இப்ப நீ" என்று சொன்னால் ஒரு நிமிடம் வரை பொறுப்பான். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கட்டிப்பிடிக்கும் விஷயத்தில், யாராவது அவனை நோக்கிக் கை விரித்து வரும்போதே பெரியவர் இடையில் போய் "கையப் பிடிப்பமா?" என்று திருப்பிவிட வேண்டும். அவனுக்குக் கையை விரித்து முன்னே நீட்டி "வேணாம்" என்று சொல்லப் பழக்குங்கள். சொல் வராவிட்டால் கை மட்டும் போதும். இதை வீட்டில் விளையாட்டாகவே பழக்கலாம். நீங்கள் கட்டிப்பிடிக்க வருகிற மாதிரி வாருங்கள், அவன் கையை நீட்டட்டும், உடனே நின்றுவிடுங்கள். கை நீட்டினால் ஆட்கள் நிற்பார்கள் என்பதை அவன் உண்மையில் கண்டால்தான் பல்லை விட்டுக் கையை நம்புவான்.

இத்தனை செய்தும் ஒரு கடி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பைப்படியில், இன்னொரு பிள்ளையின் மேல்கையில்.

அக்கா ஓடிவந்து கத்தக் கூடாது. இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் தன் உடம்பைக் கொண்டுபோய், அவன் உயரத்துக்குக் குனிந்து, முகத்தைச் சிரிப்பில்லாமல் வைத்து, தாழ்ந்த குரலில் இரண்டே சொல்: "கடிக்காத. நோகும்." அவ்வளவுதான். ஏன் கடித்தாய், நல்ல பிள்ளை கடிக்குமா, அம்மாக்குச் சொல்லட்டுமா என்று நீட்டினால் அவன் காதில் ஒன்றும் ஏறாது. அந்த நேரம் அவனுக்கே நெஞ்சு படபடக்கும்.

உடனே அவனுக்கு முதுகைக் காட்டி, கடிபட்ட பிள்ளையிடம் போக வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதல் கவனம், அணைப்பு, தடவல் எல்லாம் கடிபட்ட பிள்ளைக்கு. கடித்தால் எல்லாரும் என்னைச் சுற்றி ஓடிவருகிறார்கள் என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால், திட்டு வாங்குவதும் அவனுக்கு ஒரு கவனிப்புத்தான். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு சில நிமிடம் நன்றாகக் கழுவி, குளிர்ந்த ஈரத் துணியை ஒற்றினால் போதும். பெரும்பாலும் பல் தடம் மட்டும் பதியும், தோல் கிழியாது. தோல் கிழிந்து இரத்தம் வந்தால், சின்னக் காயமாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கையிலோ முகத்திலோ பட்டால் கட்டாயம். மனித வாயில் கிருமிகள் அதிகம். தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பார்க்கக் கிளினிக் புத்தகத்தையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அழுகை அடங்கிய பிறகு, ஒரு நிமிடத்தில், அக்கா உங்கள் மகனிடம் திரும்பி வர வேண்டும். பலர் விட்டுவிடும் கட்டம் இதுதான். கடிக்காதே என்று சொன்னோம், கடிக்காமல் என்ன செய்வது என்று சொன்னோமா? "தண்ணி வேணுமா? இப்பிடிச் சொல்லு: தா." அல்லது "தள்ளினானா? இப்பிடிச் சொல்லு: வேணாம்." கையைப் பிடித்து அந்தச் சைகையைச் செய்ய வைத்து, அவன் அரைகுறையாகச் செய்தாலும் உடனே அதற்குப் பலன் கொடுக்க வேண்டும். "தா" என்றால் தண்ணீர் கிடைக்க வேண்டும். பல் வேலை செய்வதைவிட வேகமாகச் சொல் வேலை செய்ய வேண்டும். பிறகு விளையாட்டுக்குத் திரும்பலாம், ஆனால் அதே இடத்துக்கு, அதே பிள்ளையின் பக்கத்துக்கு, உடனே வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இரண்டு வயதில் "சொறி" என்பது பெரியவர்களைச் சமாளிக்கும் சத்தம். ஈரத் துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லலாம். விருப்பம் இருந்தால் செய்வான், இல்லாவிட்டால் அக்காவே செய்யட்டும். மூலையில் தனியாக இருத்துவதாலும் இந்த வயதில் பெரிய பயன் இல்லை. ஏன் இருத்தினார்கள் என்பது அரை நிமிடத்தில் மறந்துவிடும், பயம்தான் மிஞ்சும்.

இனி உங்கள் அம்மா சொன்ன வைத்தியம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். நம் பக்கத்தில் பல வீடுகளில் சொல்கிற வழிதான். ஆனால் கொச்சிக்காய்த் தூள் வேண்டவே வேண்டாம். பிள்ளை அந்தக் கையால் கண்ணைக் கசக்குவான். தூள் மூச்சுக்குள் போனால் மூச்சுத்திணறல் வரலாம். திருப்பிக் கடிப்பதில் வேறு சிக்கல். தனக்கு நோகிறது, ஆகவே அவனுக்கும் நொந்திருக்கும் என்று கோத்துப் பார்க்கும் வயது இது இல்லை. அவன் காண்பது, என்னைவிடப் பெரியவர்களும் கோபம் வந்தால் கடிக்கிறார்கள் என்பதை மட்டும்தான். அடியும் அப்படியே. அடித்த அன்று அடங்குவான், மறுநாள் அடித்தவர் இல்லாத இடத்தில் கடிப்பான். அம்மாவோடு வாதாட வேண்டாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "அம்மா, அவன் கடிக்க வந்தா நீங்க 'கடிக்காத, நோகும்' எண்டு மட்டும் சொல்லிப்போட்டு, கையப் பிடிச்சு 'தா' எண்டு சொல்லப் பழக்குங்க" என்று சொல்லுங்கள். பிள்ளையை அதிக நேரம் வைத்திருப்பது அவராக இருந்தால், டீச்சரைவிட அவர் சொல்வதுதான் பிள்ளைக்குப் பழகும்.

இன்னொன்று, வீட்டில் விளையாட்டாகக் கூடக் கடிக்கக் கூடாது. பிள்ளையின் கன்னத்தைச் செல்லமாகக் கடிப்பது, வயிற்றில் வாயை வைத்து "கடிச்சிருவன்" என்பது, அவன் மாமாவின் தோளைக் கடிக்கும்போது எல்லாரும் சிரிப்பது எல்லாவற்றையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள். ஒரே செயலுக்கு வீட்டில் சிரிப்பும் முன்பள்ளியில் திட்டும் கிடைத்தால் அவன் எதை நம்புவான்?

தங்கச்சியின் தலையில் அடிப்பது இதே கதையின் இன்னொரு பக்கம். மூன்று மாதத்துக்குள் அவன் வாழ்க்கையில் இரண்டு பெரிய மாற்றங்கள்: மடியை ஒரு குழந்தை பிடித்துக்கொண்டது, காலையில் அவனைக் கொண்டுபோய் வேறொரு இடத்தில் விடுகிறார்கள். நீங்கள் பால் கொடுக்க உட்காரும் நேரத்தில்தான் அடிக்கிறானா என்று கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்படியானால் பால் கொடுக்கத் தொடங்கும் முன்னமே அவனுக்கென்று ஒரு பெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். மூடி திறந்து மூடும் போத்தல், பழைய கரண்டி, படப் புத்தகம் என்று அந்த நேரத்தில் மட்டும் வெளியே வரும் பொருட்கள். அடித்தால் அவன் கையைப் பிடித்துத் தடுத்து "அடிக்காத. நோகும்" என்று சொல்லிவிட்டு, அதே கையால் தங்கச்சியின் காலைத் தடவ வையுங்கள். தலையை அல்ல, காலை. மூன்று மாதக் குழந்தையின் தலை மென்மையானது. அதனால் ஒரு விதி மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும்: இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். நீங்கள் அடுப்படிக்குப் போவதென்றால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், நாளுக்கு 10 நிமிடம் தங்கச்சியை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டு, போனைத் தள்ளி வைத்து, அவன் சொல்கிற விளையாட்டை அவனோடு விளையாடுங்கள். முன்பள்ளி விட்டு வந்ததும் என்றால் இன்னும் நல்லது.

நித்திரையையும் எண்ணிப் பாருங்கள். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். 6 மணிக்கு எழும்புகிற பிள்ளை இரவு 10 மணிக்குத்தான் படுக்கிறான் என்றால் பகலில் மூன்று மணி நேரம் தூங்கினால்தான் அந்தக் கணக்கு வரும். குட்டித் தங்கச்சி அழுகிற வீட்டில் அது நடக்காது. 8 மணிக்குப் படுக்க வைக்கப் பாருங்கள்.

எவ்வளவு நாளில் மாறும்? டீச்சரிடம் ஒரு மாதம் கேளுங்கள். முதல் ஒரு வாரம், பத்து நாளில் கூடுவது போலவும் தோன்றலாம். பழைய வழி வேலை செய்யவில்லை என்று கண்டால் பிள்ளை இன்னும் பலமாக அதையே செய்து பார்ப்பான். அங்கேதான் பெரியவர்கள் கைவிட்டு அடிக்கப் போவார்கள். ஒரு சின்னக் கொப்பியில் அக்காவை எழுதச் சொல்லுங்கள்: மணி, இடம், யார் பக்கத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. ஒரு வரி போதும். கடி மட்டும் இல்லை, கடிக்கப் போய் நின்றதையும் எழுத வேண்டும். வாயைத் திறந்தவன் மூடிவிட்டு அக்காவைப் பார்த்தான் என்று ஒரு வரி வந்தால், கடி எண்ணிக்கை அதே அளவில் இருந்தாலும் மாற்றம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பைப்படிக் கடி நின்று சைக்கிள் கடி மட்டும் மிஞ்சினால், எதை மாற்ற வேண்டும் என்றும் அந்தக் கொப்பியே சொல்லும். மூன்று வாரம் கழித்தும் எந்த ஒழுங்கும் தெரியவில்லை, எங்கேயும் எந்த நேரத்திலும் கடிக்கிறான் என்றால் அது வேறு கதை. அப்போது மருத்துவரிடம் போக வேண்டும்.

டீச்சருக்கும் ஒரு வார்த்தை. அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. கடிபட்ட பிள்ளையின் தாய் வாசலில் நின்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். கடித்த பிள்ளை யார் என்று மற்றப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது. என்ன நடந்தது, காயத்தைக் கழுவினோம், இனி பைப்படியில் இப்படிச் செய்கிறோம் என்று சொன்னால் போதும். பெயர் வெளியே போனால் ஒரு கிழமைக்குள் "கடிக்கிற பிள்ளை" என்ற பட்டம் ஒட்டிவிடும். மற்றப் பிள்ளைகள் அவனைக் கண்டால் ஒதுங்குவார்கள், அவன் இன்னும் பதற்றப்படுவான். இடம் மாற்றினால் கடி நிற்கும் என்றும் இல்லை. புது இடம், புது முகங்கள், முதல் மாதத்தின் பதற்றம் எல்லாம் திரும்ப முதலில் இருந்து வரும். ஆனால் உண்மையையும் சொல்கிறேன். 14 பிள்ளைகளும் இவன் வயதுக்காரர் என்றால் இரண்டு பேர் போதாது. கடி விழும் அந்த அரை மணி நேரத்துக்கு மட்டுமாவது மூன்றாவது ஆள் வேண்டும். தாய்மார் முறை வைத்து ஒருவர் வந்து நிற்கலாம். அதற்கும் இடம் இல்லை, அடித்துத்தான் திருத்துவோம் என்று சொல்கிற இடமாக இருந்தால், அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. எனக்கு உங்கள் கடிதத்தில் கடியைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது. 2 வயது முடியும்போது ஒரு பிள்ளையிடம் குறைந்தது 50 சொற்களாவது இருக்க வேண்டும், "அம்மா வா", "பால் தா" மாதிரி இரண்டைச் சேர்த்துப் பேசத் தொடங்க வேண்டும். 2 வயது 4 மாதத்தில் 25, 30 சொல், சேர்ப்பு இல்லை என்றால் அது காத்திருக்கிற விஷயம் இல்லை, காட்டுகிற விஷயம். ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பிந்துவது உண்டு, ஆனால் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு மாதம்தான். அதையே காரணமாகச் சொல்லி மூன்று வயது வரை விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சொல் பிந்திய பிள்ளை கடிப்பது அதிகம் என்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பேச்சு வர வர கடி தானாகக் குறைவதையும் பார்க்கலாம்.

முதலில் காது. அடிக்கடி சளி, காதுவலி வருமா? பின்னால் இருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா? செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் வலியே இல்லாமல் காது கேட்பது மந்தமாகலாம். வீட்டில் யாருக்கும் தெரியாது, சொல் கேட்கவில்லை என்று பிள்ளைக்குத் திட்டு விழும். பெயர் சொன்னால் திரும்பாதது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாதது, கண்ணைப் பார்க்காதது, முன்பு சொன்ன சொற்களை இழந்தது, தன் கையையே திரும்பத் திரும்பக் கடிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்த வேண்டாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும் சொல் குறைவு மட்டுமே காட்டுவதற்குப் போதுமான காரணம்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, தங்கச்சியைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் கிளினிக் நாளிலேயே மகனையும் மருத்துவரிடம் காட்டுங்கள். செவிப்புலன் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சையாளருக்கும் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். போகும் முன் ஒரு கிழமைக்கு, அவன் தானாகச் சொல்லும் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நீங்கள் சொல்லித் திருப்பிச் சொன்னவை வேண்டாம், தானாக வந்தவை மட்டும். பாதிச் சொல்லாக இருந்தாலும், எப்போதும் அதையே அந்தப் பொருளுக்குச் சொன்னால் சேர்க்கலாம். தண்ணீருக்கு "ண்ணி", மாட்டுக்கு "ம்மா", எல்லாம் கணக்கில் வரும். கொப்பியில் எழுதிய கடி விவரங்களையும் கூடவே கொண்டுபோங்கள். மருத்துவர் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அந்த இரண்டிலும் பதில் இருக்கும்.